நீல எழுத்து இருந்தது, லிங்க் இல்லை

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்துத் தெரு பெரியப்பா போன் செய்தார். "ஏம்மா, நீ அனுப்புன காயிதத்துல நீலமா கோடு போட்டிருக்கு. அழுத்துனா ஒண்ணும் வரலையே?"

அவர் சொன்னது நான் தயார் செய்த இரண்டு பக்க பிடிஎஃப். பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். சம்பா பயிருக்குக் காப்பீடு செய்ய அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் என்று என்னென்ன வேண்டும், எதை எங்கே எடுக்கலாம் என்று எழுதி, உரிய இடத்தில் லிங்க் கொடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதாகச் சொல்லியிருந்தேன். எல்லாமே அழுத்தினால் திறக்க வேண்டும். வயதானவர்களிடம் போய் முகவரியை டைப் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது.

முதல் பதிப்பைப் போனிலேயே செய்தேன். கரண்ட் இல்லை, லேப்டாப்பில் சார்ஜும் இல்லை. கூகுள் டாக்ஸில்தான் எழுதினேன். சிட்டா பார்க்கும் தளத்தை முதலில் குரோமில் திறந்து, மேலே முகவரிப் பட்டையைத் தொட்டால் பக்கத்தில் காப்பி செய்யும் சின்னம் வரும், அதை அழுத்திக்கொண்டேன். அப்புறம் டாக்ஸுக்கு வந்து, பென்சில் சின்னத்தைத் தொட்டு, "சிட்டா பார்க்க" என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்தேன். மேலே உள்ள + குறியைத் தொட்டு Link என்பதைத் தேர்ந்தால் இரண்டு கட்டங்கள் வருகின்றன. ஒன்றில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து, இன்னொன்றில் முகவரி. முகவரிக் கட்டத்தில் விரலை அழுத்திப் பிடித்து பேஸ்ட் செய்து, டிக் குறியைத் தொட்டதும் எழுத்து நீலமாகிவிட்டது.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. உண்மையில் கஷ்டம் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சொல் மட்டும் பிடிபடும்; இரண்டாவது சொல்லையும் சேர்க்க, ஓரத்தில் தெரியும் சின்னக் கைப்பிடியை இழுக்க வேண்டும். இழுக்கும்போது விரலே எழுத்தை மறைத்துவிடும். முற்றுப்புள்ளி, சில நேரம் அடுத்த வரியின் முதல் சொல்கூட உள்ளே வந்துவிடும். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்து, வேலை முடிந்ததும் பழைய அளவுக்கு மாற்றினேன். ஏழு லிங்க் போட அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் ஏழும் சரியாக வேலை செய்தன. நீல எழுத்தை ஒரு தட்டு தட்டினால் கீழே முகவரி தெரிகிறது. அதைப் பார்த்தே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கும்பகோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அவன் லேப்டாப்பில் வேர்டில் இதையே இன்னும் அழகாகச் செய்யலாம் என்று தோன்றியது. பெரியப்பாவுக்குப் போனது அந்தப் பதிப்புதான். வேலை என்னவோ சட்டென்று முடிந்தது. மவுஸால் சொல்லைத் தேர்ந்து Ctrl+K அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அடியில் Address கட்டத்தில் முகவரி கொடுத்து OK. ஏழு லிங்கும் ஐந்தே நிமிடம்.

தவறு இரண்டு இடத்தில் நடந்தது. முதலாவது முகவரியில். போனில் நான் காப்பி செய்து ஒட்டினேன். லேப்டாப்பிலோ, முகவரி சின்னதுதானே என்று குரோமில் தெரிந்ததைப் பார்த்துக் கையால் டைப் செய்தேன்:

```
eservices.tn.gov.in
```

குரோம் முகவரிப் பட்டையில் முன்னால் உள்ள https:// பகுதியை மறைத்துத்தான் காட்டும். காப்பி செய்தால் அது தானாகச் சேர்ந்து வரும், பார்த்து டைப் செய்தால் வராது. www என்று தொடங்கினால் வேர்ட் அதை இணைய முகவரி என்று எடுத்துக்கொள்ளும். இந்த முகவரியில் அதுவும் இல்லை. அதனால் அந்தப் பெயரில் கம்ப்யூட்டருக்குள் ஒரு கோப்பு இருக்கிறது என்று நினைத்து இணைத்துவிட்டது. எழுத்து நீலமாக, அடிக்கோட்டோடுதான் தெரியும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மவுஸை மேலே கொண்டுபோய் வைத்தால் மட்டும் சின்னப் பெட்டியில் file:/// என்று தொடங்கும் நீளமான பாதை தெரியும். அங்கே https:// என்று இருக்க வேண்டும். வேர்டில் சும்மா கிளிக் செய்தால் லிங்க் திறக்காது, Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். நான் அப்படிச் செய்து பார்க்கவே இல்லை.

சரி, முகவரியைத் திருத்தினேன். நீல எழுத்தில் ரைட் கிளிக் செய்து Edit Hyperlink, Address கட்டத்தின் முன்னால் https:// சேர்த்து OK. பழைய முறையிலேயே பிடிஎஃப் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அப்போதும் திறக்கவில்லை.

இதுதான் என்னை அதிக நேரம் குழப்பியது. காரணம், ஒரே ஒரு லிங்க் மட்டும் வேலை செய்தது. காப்பீட்டுத் தளத்துக்கு மட்டும் முகவரியை முழுதாக எழுத்தாகவே போட்டிருந்தேன்:

```
https://pmfby.gov.in
```

அது திறந்தது. "சிட்டா பார்க்க" போலத் தமிழ்ச் சொல்லுக்கு அடியில் வைத்த ஆறும் திறக்கவில்லை. அண்ணன்தான் கேட்டான், "பிடிஎஃப் எப்படி எடுத்தே?" Ctrl+P அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்து எடுத்ததாகச் சொன்னேன். அங்கேதான் விஷயம். அது பிரிண்ட் போடுவதைப் போல. தாளுக்குப் போகும் எழுத்தும் நிறமும் கோடும் மட்டும் பிடிஎஃப்புக்குப் போகும், அடியில் இருக்கும் முகவரி போகாது. முழு முகவரி எழுத்தாகத் தெரிந்த ஒன்றை மட்டும் பெரியப்பா போனில் இருந்த பிடிஎஃப் செயலி, இது முகவரி போல இருக்கிறதே என்று தானே கண்டுபிடித்துத் திறந்திருக்கிறது.

பிரிண்ட்டை விட்டுவிட்டு File, Save As போய், கோப்பு வகையில் PDF என்பதைத் தேர்ந்து சேமித்தேன். இப்போது ஏழும் உயிரோடு இருந்தன. போனில் முதல் பதிப்பு சரியாகப் போனதற்கும் இதுதான் காரணம். டாக்ஸில் மூன்று புள்ளியைத் தொட்டு Share & export, Send a copy என்று போய் PDF தேர்ந்து அனுப்பியிருந்தேன். அந்த வழி லிங்கைத் தொடுவதில்லை.

இதில் இன்னொன்றையும் கவனித்தேன். தாளில் பிரிண்ட் எடுத்துக் கேட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு எழுத்துக்கு அடியில் ஒளித்த லிங்க் எதற்கும் உதவாது. அதனால் சிட்டா, காப்பீடு இரண்டு தளங்களுக்கும் முகவரியைக் கடைசிப் பக்கத்தில் தனியாக, பெரிய எழுத்தில் அச்சிட்டேன். கூகுள் மேப்பில் இ-சேவை மையத்துக்குக் கொடுத்த லிங்கைத் தாளில் போட்டுப் பிரயோசனம் இல்லை, அது புரியாத எழுத்துக் கோவை. அதற்குப் பதில் "பேருந்து நிறுத்தத்திலிருந்து மேற்கே, இரண்டாவது கட்டடம்" என்று எழுதிவிட்டேன்.

அடுத்த முறை அனுப்புவதற்கு முன், பிடிஎஃப்பை முதலில் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, என் போனில் ஏழையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். அப்புறம்தான் பெரியப்பாவுக்கு. பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"தொறந்துருச்சும்மா. மாவட்டம் கேக்குது, தஞ்சாவூருதானே போடணும்?"