மூன்று பிரிப் பின்னலும் ஒரு காந்தாரமும்

போன வருசம் மாரி மழைக்காலத்தில், என் நண்பன் ஒருவன் தான் இயக்குகிற படத்துக்கு ஒரு பாட்டு வேணும் என்று திருக்கோவிலில் இருந்து பஸ் ஏறிக் கல்லடிக்கு வந்தான். அந்தப் பாட்டு எப்படி மெட்டானது என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் முதல் மூன்று கிழமையை நான் வீணாக்கினேன்.

அவன் சொன்ன சூழல் இது. ஒரு தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். இரவு பத்து மணிக்குக் கட்டுநாயக்கா போகிற வேன் வரும். "அம்மா சென்டிமென்ட் மச்சான், கேக்கிறவன் அழோணும்." இவ்வளவுதான் சொன்னான், நானும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சோகம் என்றால் கை தானாகச் சிவரஞ்சனி ராகத்துக்குப் போகும். நிமிடத்துக்கு 60 தட்டு, கீழே வயலின் விரிப்பு, மேலே புல்லாங்குழல் என்று இரண்டே நாளில் ஒரு மெட்டை முடித்து அனுப்பினேன்.

கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இரிக்கு மச்சான்" என்றான். அந்த 'தான்' வந்தால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் எது பிழை என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. நானும் இன்னும் இரண்டு மெட்டு போட்டேன், இரண்டுமே முதலாவதை விட மெதுவானவை. ராகத்தை மாற்றிப் பார்த்தேன், வாத்தியத்தை மாற்றிப் பார்த்தேன், சூழலை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

கடைசியில் அவனை நேரே உட்கார வைத்து, "பாட்டு ஓடுற நேரம் அவ என்ன செய்றா? கை என்ன செய்யுது?" என்று கேட்டேன். "ஓ, அதுவா" என்று சாதாரணமாகச் சொன்னான்: அவள் தன் புருசனுக்கு மகளின் தலையைப் பின்னப் பழக்குகிறாள். நாளைக்குக் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பப் போவது அவன்தானே. அவன் பின்னுவது கோணலாகப் போகிறது, பிள்ளை சிரிக்கிறாள். அம்மா எங்கே போகிறாள் என்று அந்தப் பிள்ளைக்கு முழுசாகத் தெரியாது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கேட்காதது நான்தான்.

ஒத்திகைக்கு எடுத்த வீடியோ ஒன்று அவன் போனில் இருந்தது. அதில் என் பழைய மெட்டை ஓட விட்டுப் பார்த்தோம். செத்த வீடு மாதிரி இருந்தது. பிள்ளைக்குத் தெரியாத செய்தியை இசை முதல் விநாடியிலேயே ஊருக்குச் சொல்லிவிடுகிறது, அதற்குப் பிறகு அந்தச் சிரிப்புக்கு அங்கே இடமே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: மெட்டைத் தனியாகக் கேட்டு முடிவெடுக்காமல், எப்படி எடுத்த வீடியோவாக இருந்தாலும் பரவாயில்லை, காட்சியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

சத்தத்தை அணைத்துவிட்டு, அந்தப் பெண் பின்னுவதைப் பார்த்து மேசையில் தட்டினேன். ஒரு பிரியை நடுவுக்கு மடக்க அவளுக்கு ஏறக்குறைய முக்கால் விநாடி எடுத்தது. அதாவது நிமிடத்துக்கு 80. அதோடு, கை வலம், இடம் என்று மாறிமாறிப் போனாலும் நடுவில் இருந்த ஒரு பிரி மறுபடி நடுவுக்கு வர சரியாக மூன்று மடிப்பு ஆகிறது. சந்தேகம் என்றால் மூன்று நிறக் கயிறு எடுத்துப் பின்னிப் பாருங்கள். அதனால் ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, மூன்று தட்டு என்று வைத்தேன். தாலாட்டுக்குரிய ஆட்டமும் அதோடு தானாகவே வந்தது. ஒரு பார் இரண்டேகால் விநாடி, இயக்குநர் கேட்டது ஏறக்குறைய இரண்டரை நிமிடம், ஆகவே 64 பார், 2 நிமிடம் 24 விநாடி. முன்னிசைக்கு 8, பல்லவிக்கு 16, பிள்ளை சிரிப்பதற்காக இடையிசையில் 8, சரணத்துக்கு 16, பல்லவி பாதியாகத் திரும்பி வர 8, முடிவுக்கு 8 என்று தாளில் எழுதிக்கொண்டோம்.

ராகம் மோகனம். சிவரஞ்சனிக்கும் மோகனத்துக்கும் ஸ ரி ப த நான்கும் ஒன்றுதான், காந்தாரம் என்கிற 'க' சுரம் மட்டும் வேறு. முன்னதில் சின்னக் காந்தாரம், பின்னதில் பெரியது. (மோகனத்தைப் பழைய முல்லைப் பாணி என்று சொல்வார்கள். முல்லை காத்திருப்பதற்கான திணை, இங்கே காத்திருக்கப் போவது ஆம்பிளை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது, திட்டம் போட்டுச் செய்ததாகக் கதை விட மாட்டேன்.) அதனால் பாட்டு முழுக்க விளையாட்டாகவே போகட்டும், சரணத்தின் கடைசி 4 பாரில், வேனின் வெளிச்சம் சுவரில் விழுகிற இடத்தில் மட்டும் காந்தாரத்தைச் சின்னதாக்கலாம் என்றேன். இயக்குநருக்கு ராகம் தெரியாது. தத்தகாரத்தில் பாடிக் காட்டியபோது அந்த இடத்தில் தலையை நிமிர்த்தி, "இதில என்னமோ நடந்திச்சு" என்றான். எனக்கு அது போதும்.

இதை வெறும் பியானோவில்தான் வாசித்துக் காட்டினேன். முதல் முறை வயலினும் குழலும் சேர்த்து அனுப்பியது என் தவறு, வாத்திய நிறம் நன்றாக இருந்தால் மெட்டில் உள்ள வெறுமை இருவருக்குமே தெரியாமல் போய்விடுகிறது.

ஆனால் ஒரு இடத்தில் அவன் பிடிவாதமாக நின்றான். வேன் வந்தபிறகு பல்லவி பழையபடி பெரிய காந்தாரத்தோடு வந்தால் பொய்யாக இருக்கிறது என்றான். சின்னக் காந்தாரத்தோடு பாடிக் காட்டினேன். "இப்ப அழ வைக்கப் பாக்கிறாய்" என்றான். முதல் நாள் அழ வைக்கச் சொன்னதே அவன்தான், அதை ஞாபகப்படுத்தியபோது தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான். இரண்டு நாள் இதிலேயே போனது. பிறகு காந்தாரத்தையே தொடாமல் பல்லவியைப் பாடிப் பார்த்தேன், ரிஷபத்தில் இருந்து நேரே பஞ்சமத்துக்குத் தாவி. காந்தாரம் இல்லாவிட்டால் இது மோகனமா சிவரஞ்சனியா என்று காதால் முடிவு செய்ய முடியாது. அந்தத் தாய் என்ன நினைக்கிறாள் என்று புருசனாலும் அந்த நேரம் முடிவு செய்ய முடியாதே. இயக்குநர் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து, இன்னொருக்காப் பாடு என்று பதிவு செய்தான். மெட்டு முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டது அந்த நேரத்தைத்தான்.

வரி எழுதியவர் வந்தபோது ஒரு சின்னச் சிக்கல். பல்லவியின் தொடக்கம் 'தனன' என்று குறிலாகப் போட்டிருந்தேன், அவர் 'நாளைக்கு' என்ற சொல்லைத்தான் வைப்பேன் என்றார். பாடினால் 'நளைக்கு' என்று கேட்டது. வேறு சொல் தேடலாம் என்று பார்த்தோம், ஆனால் அந்தப் பாட்டில் அதைவிடப் பெரிய சொல் எது? முதல் இரண்டு குறில் சுரத்தையும் ஒன்றாக்கி நீட்டிவிட்டேன். அது நல்லதாகவே போய்ச் சேர்ந்தது, தொடக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டதுபோல ஆனது.

சுருதியும் மாறியது. என் குரலுக்கு இரண்டு கட்டையில் போட்டிருந்தேன். பாடிய ஆசிரியைக்கு அதில் மேல் காந்தாரம் கூர்மையாக வந்தது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் முணுமுணுக்கிற பெண் அப்படிப் பாட மாட்டாள். அதற்குக் கீழே வருகிற ஐந்தரைக் கட்டைக்கு இறக்கினோம். இப்போது கீழ்த் தைவதம் பாதி மூச்சாகத்தான் வருகிறது. திருத்திப் பாடுகிறேன் என்று அவர் கேட்டார், இயக்குநர் விடவில்லை.

அந்த முன்மாதிரிப் பதிவைப் படப்பிடிப்பில் ஓட விட்டுத்தான் பின்னலை எடுத்தார்கள், அதனால் கையும் தாளமும் ஒன்றாகப் போகிறது. போன கிழமை படத்தொகுப்பைப் பார்த்தேன். நான் கணக்குப் போட்டு வைத்த 8 பார் முன்னிசை இல்லை. 18 விநாடி, முழுசாக வெட்டிவிட்டான். சீப்பு விழுகிற சத்தத்தில் நேரே 'நாளைக்கு' என்று தொடங்குகிறது.