போனில் 600 பேர், கதைப்பது எத்தனை பேரோடு?

ஒருவரால் பேணக்கூடிய உறவு ஏறத்தாழ 150 என்று பிரித்தானிய மானிடவியலாளர் ராபின் டன்பார் 1992இல் கணக்குப் போட்டார். அதற்குள் அடுக்குகள் உண்டு: வாரம் ஒருமுறையாவது கதைக்கிற 5 பேர், அவர்களையும் சேர்த்து மாதம் ஒருமுறை 15, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50. மிச்சப் பேரோடு வருசத்தில் ஒருதரம்.

ஆக்களை இந்த அடுக்குகளாகப் பிரிக்கேக்க பாசத்தைப் பார்க்காதீங்க, கடைசியாகக் கதைத்த திகதியைப் பாருங்க. உப்புவெளியில் ஒன்றாகப் படித்து ரொறன்ரோ போன சிநேகிதனோடு எட்டு மாதமாகக் கதை இல்லையென்றால் அவன் 50க்கும் வெளியே. லைக் போட்டது கணக்கில்லை! அவனை 15க்குள் கொண்டுவர மாதம் ஒரு அழைப்பு வேணும், அந்த நேரத்தை இன்னொருவரிடமிருந்துதான் எடுக்கவேணும்.

சொந்தக்காரரும் இதே 150க்குள்தான். கலியாணம், அந்தியேட்டி என்று திருகோணமலையில் அவர்களே நிறைய இடம் பிடிப்பதால், பெரிய குடும்பக்காரருக்குச் சிநேகிதர் குறைவாகத்தான் இருக்கும்.