8,195 யூனிட் தண்ணீர் பில்லும் காலியாக விட்ட மூன்று கட்டங்களும்

தண்ணீர் பில் தொடர்பாக அத்தை கொடுத்த புகார்ப் படிவத்தை முதல் கவுண்டரில் இருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று காலிக் கட்டங்களைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே "பூர்த்தி செய்து வரவும்" என்று எழுதியிருந்தார். எதை எப்படிப் பூர்த்தி செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. அதைவிட மோசம், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வைக்கவில்லை. அத்தை அன்று புகார் கொடுக்கவே இல்லை என்பதுதான் அந்த அலுவலகத்தின் கணக்கு. இந்தப் பக்கம் பில்லுக்கான கெடுவோ ஓடிக்கொண்டே இருந்தது.

அத்தை ஒன்றும் எழுதத் தெரியாதவர் இல்லை. "புகார் விவரம்" என்ற இடத்தில் இடம் போதாமல் தனித்தாள் இணைத்து இரண்டு பக்கம் எழுதியிருந்தார். காலியாக விட்டவை மூன்றுதான்: சம்பவம் நடந்த தேதி, மீட்டர் எண், கோரும் தீர்வு. துரதிர்ஷ்டம், அந்த மூன்றும் இல்லாமல் புகார் ஓர் அங்குலம் நகராது.

பிரச்சினை இதுதான். வீட்டில் பழைய தண்ணீர் மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார்கள். அடுத்து வந்த பில்லில் 8,195 யூனிட். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லிட்டர். தனியாக இருக்கும் ஒரு பெண்மணி குளம் வெட்டி நிரப்பினாலும் அவ்வளவு ஆகாது.

இந்த முறை நானும் கூடப் போனேன். காலிக் கட்டங்களை அப்படியே விட்டு, "விவரம் பின்னர் தருகிறோம், படிவத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்" என்று கேட்டு, தேதி முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டோம். இதை எல்லோருக்கும் சொல்வேன்: குறை இருந்தாலும் சரி, முதலில் பதிவு எண் வாங்குங்கள். குறையைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். போன தேதியைத் திரும்ப வாங்க முடியாது.

அப்புறம் புகார்ப் பிரிவிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். படிவத்தில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். பெயர், பிரிவு, பதிவு எண் எல்லாம் சொல்லிவிட்டு, "அம்மா பக்கத்தில் இருக்காங்களா சார்?" என்று கேட்டார். "என்ன விஷயம், என்னிடமே சொல்லுங்கள்" என்றேன். "புகார் அவங்க பெயரில் இருக்கு. அவங்க சரின்னு சொன்னா உங்ககிட்டயே பேசறேன்" என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசித்தால், இந்த இடத்தில் வேறு யாராவது போனை எடுத்திருந்தால் அத்தையின் பில்லும் பாக்கியும் ஊருக்கே தெரிந்திருக்கும். ஸ்பீக்கரில் போட்டு, அத்தை சம்மதம் சொன்ன பிறகுதான் பேச்சைத் தொடர்ந்தார். கணக்கு எண், கடவுச்சொல் என்று எதையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

"நீங்க ஏன் காலியா விட்டீங்க" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. "உங்க கடிதத்தை முழுசா படிச்சேம்மா. மூணு விஷயம் மட்டும் கேட்டுக்கறேன். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன்" என்றார். அத்தையின் குரல் அதோடு மாறிவிட்டது.

முதலில் தேதி. அத்தைக்கு நினைவில்லை, அதனால்தான் எழுதவில்லை. தப்பான தேதி போட்டால் பொய் சொன்னதாகிவிடுமோ என்ற பயம் வேறு. "பேத்தி பிறந்தநாளுக்கு மறுநாள் ஆள் வந்ததா இரண்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே, பிறந்தநாள் என்னிக்கும்மா?" என்று அவர் கேட்டார். பேத்தி பிறந்தநாளை எந்தப் பாட்டி மறப்பார்? தேதி கிடைத்துவிட்டது.

அந்தத் தேதிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பதையும் அவரே விளக்கினார். மீட்டர் மாற்றும் ஊழியர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பணித்தாள் எழுதுவார். பழைய மீட்டரைக் கழற்றும்போது அது காட்டிய கடைசி அளவு அதில் இருக்கும். அந்தத் தாள்கள் வீட்டு எண்படி இல்லை, நாள்படிதான் கட்டி வைத்திருக்கிறார்களாம். தேதி இல்லாமல் தேடினால் கிடைக்காது.

அடுத்தது மீட்டர் எண். இருப்பதோ இரண்டு மீட்டர், படிவத்தில் இருப்பதோ ஒரே கட்டம். எதை எழுதுவது என்று குழம்பித்தான் அத்தை விட்டிருந்தார். "அந்தக் கட்டம் எல்லாரையும் குழப்பும்மா" என்று சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டார். பழைய எண் பழைய பில்லில் இருந்தது. புதியது மீட்டர் முகப்பிலேயே பொறித்திருந்தது. நான் வெளியே போய்ப் பார்த்துப் படிக்கும்வரை லைனிலேயே காத்திருந்தார்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. "என்ன தீர்வு வேணும்மா?" என்று கேட்டதும் அத்தை என்னைப் பார்த்தார். "எழுதினா பேராசைன்னு நெனைப்பாங்கடா" என்றார் மெதுவாக. அந்த அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். இப்படியெல்லாம் கேட்கலாம் என்று வரிசையாகச் சொன்னார்: பில்லைத் திரும்பக் கணக்கிடுவது, மீட்டரைச் சோதிப்பது, தீரும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருப்பது. "ஒண்ணுக்கு மேலயும் கேக்கலாம். எது வேணும்னு நான் எழுதக் கூடாது, நீங்கதான் சொல்லணும்." அத்தை முதலாவதையும் மூன்றாவதையும் சொன்னார். மீட்டர் சோதனை வேண்டாம், புது மீட்டர் மேல் தனக்குச் சந்தேகமில்லை என்றார். நானாக இருந்தால் மூன்றையும் டிக் போட்டிருப்பேன். சோதனைக்கு ஆள் வரும்வரை புகார் நிலுவையில் கிடந்திருக்கும்.

எழுதியதை எல்லாம் கடைசியில் ஒருமுறை வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "ஊழியர் தவறாகக் குறித்தார்" என்று வந்தது. "அவர் தவறு பண்ணினார்னு நான் சொல்லலையே, பில்தான் தப்பு" என்றார் அத்தை. உடனே மாற்றினார். அதன்பிறகு திருத்திய பக்கம் தபாலில் வந்தது. அத்தையின் பழைய எழுத்தில் கை வைக்காமல், "தொலைபேசியில் கூறியபடி சேர்க்கப்பட்டது" என்று தேதியோடு தனியாக எழுதியிருந்தார்கள். கையெழுத்திட்டு அனுப்பினோம்.

பணித்தாள் கிடைத்ததும் குட்டு வெளிப்பட்டது. முந்தைய பில்லில் பழைய மீட்டர் 1842 காட்டியிருந்தது. புது மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கி, பில் எடுத்தபோது 37-இல் இருந்தது. மீட்டர் மாறிய விவரம் கணினியில் ஏறவில்லை. ஆக, 1842-க்கு அப்புறம் 37 வந்திருக்கிறது என்றால், நான்கு இலக்க மீட்டர் 9999 வரை ஓடி, பூஜ்யத்துக்கு வந்து, மேலும் 37 ஓடியிருக்கிறது என்று கணினி முடிவு கட்டிவிட்டது. அதுதான் அந்த 8,195. பணித்தாளில் பழைய மீட்டரின் கடைசி அளவு 1871. அதாவது பழையதில் 29, புதியதில் 37, மொத்தம் 66 யூனிட்.

உங்கள் வீட்டில் மீட்டர் மாற்ற வந்தால், கழற்றும் முன் பழைய மீட்டரின் முகப்பை, எண்ணும் அளவும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பணித்தாளில் கையெழுத்து கேட்டால் நகலும் கேளுங்கள்.

திருத்திய பில் வந்தது. அதில் தாமதக் கட்டணம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பதிவுத் தேதி கெடுவைத் தாண்டியிருந்ததுதான் காரணம். அந்த அம்மாவுக்கே போன் போட்டு, முதல் கவுண்டரில் திருப்பிய படிவத்தைச் சொன்னேன். "சிவப்பு மையில் எழுதினவர் கீழே தேதி போட்டிருக்காரான்னு பாருங்க சார்" என்றார். சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருந்தார் மனிதர், கெடுவுக்கு முந்தைய தேதி. நகலை அனுப்பியதும் அடுத்த பில்லில் தாமதக் கட்டணத்தைக் கழித்துவிட்டார்கள்.