கேப்ஷன் சோதனை புராஜெக்ட்: 24 கிளிக் கூடுதல் என்றால் ஜெயித்ததா?

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பி.பி.ஏ., பி.காம். படிப்பவர்கள் டிஜிட்டல் மார்க்கெட்டிங் புராஜெக்டுக்கு, ஒரே விளம்பரத்துக்கு A, B என இரண்டு கேப்ஷன் போட்டு எதற்குக் கிளிக் அதிகம் என்று பார்க்கும் சோதனையை எடுத்தால், வைவாவில் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: “B ஜெயித்தது என்று எப்படிச் சொல்கிறாய்?”

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஒரு பட்டுக்கடை விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். A கேப்ஷன்: “ஆரணிப் பட்டு, புது வரவு.” B கேப்ஷன்: “ஆரணிப் பட்டு, 4,500 ரூபாய் முதல்.” மாறுவது விலை வரி மட்டும். படம், பட்ஜெட், யாருக்குக் காட்டுகிறோம் என்பதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். படத்தையும் சேர்த்து மாற்றினால், கிளிக் எதனால் வந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல வழியில்லை.

இரண்டையும் ஒரே `Ad set`-இல் போட்டுவிடாதீர்கள். முதலில் கொஞ்சம் முந்துகிற விளம்பரத்தையே மெட்டா அதிகம் காட்டத் தொடங்கும். ஒப்பீடு அங்கேயே கோணிவிடும். `A/B test` வசதியில் ஆட்களே இரண்டாகப் பிரிக்கப்படுவார்கள், ஒருவருக்கு ஒரு கேப்ஷன்தான் தெரியும். வார நாளும் ஞாயிறும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் முழு வாரக் கணக்கில் ஓட்டுங்கள்.

எண்ணை எடுக்கும்போது `Clicks (all)` வேண்டாம். நீளமான கேப்ஷனில் `See more` அழுத்தியதும், லைக் போட்டதும் அதில் சேர்ந்துவிடும். `Link clicks` மட்டும் பாருங்கள்.

இரண்டும் தலா 4,000 பேருக்குப் போய், A-க்கு 80, B-க்கு 104 கிளிக் வந்ததாகக் கொள்வோம். 2.0 சதவீதம், 2.6 சதவீதம். “30 சதவீத உயர்வு” என்று ஸ்லைடில் போட ஆசை வரும். அதற்கு முன் ஒரு கணக்கு. இரு பக்கமும் ஆட்கள் சமமாகவும் கிளிக் சதவீதம் குறைவாகவும் இருந்தால் இது போதும்:

```
z ≈ (104 − 80) / √(104 + 80) ≈ 1.77
```

வித்தியாசம் வெறும் தற்செயல் அல்ல என்று சொல்ல z தாண்டவேண்டிய வழக்கமான எல்லை 1.96. எட்டவில்லை. உண்மையான வித்தியாசம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழிருந்து சுமார் 1.3 சதவீதப் புள்ளி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே “B முந்துகிறது, ஆனால் உறுதி சொல்ல ஆள் போதாது” என்று எழுதுங்கள். எனக்குக் கேட்டால், வெற்றி என்று அடித்துச் சொல்லும் ரிப்போர்ட்டைவிட இதற்குத்தான் மார்க் போடவேண்டும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆரம்பிக்கும் முன்பே கணக்கிட்டு எழுதி வையுங்கள். 2.0-க்கும் 2.6-க்கும் உள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, பக்கத்துக்குச் சுமார் 9,800 பேர் தேவை. தினமும் எட்டிப் பார்த்து, 1.96-ஐத் தாண்டிய அன்றே நிறுத்துவது கள்ள ஆட்டம். வெறும் தற்செயலே ஏதாவது ஒரு நாள் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஓட்டிய சோதனையில் விலை வரி முந்தினால், ஆவணி முகூர்த்த நேரத்துக்கும் அதுவே பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள். கல்யாணப் புடவை தேடுபவர் விலையைப் பார்த்தா முதலில் கிளிக் செய்வார் என்பதற்கு அந்தச் சோதனையில் பதில் கிடையாது.