30 சதவீதமா 45 சதவீதமா: தீ விபத்துக்குப் பிறகு லாப இழப்பு கிளெய்ம் வாங்கிய பாடு

2024 செப்டம்பர் தொடக்கத்தில் காரைக்குடியில் எங்கள் பலகாரக் கூடத்தில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டு அடுப்படி மொத்தமும் போனது. கட்டடம், சரக்குக்கான தீ கிளெய்ம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தது. அது ஒப்புக்கொள்ளப்பட்டால்தான், கூடம் மூடிக் கிடக்கும் நாட்களில் போன லாபத்தை ஈடுகட்டும் லாப இழப்பு பாலிசியே அசையும் என்பதால் அதை முதலில் முடித்தது நல்லதாயிற்று. இழுத்தடித்ததெல்லாம் இந்த இரண்டாவது பாலிசிதான்.

கூடம் தீபாவளி முடிந்து நவம்பரில்தான் திறந்தது. நடுவில் தேவகோட்டையில் ஒரு கல்யாணச் சமையல் கூடத்தை வாடகைக்குப் பிடித்து 4 லட்சத்துக்கு மட்டும் வியாபாரம் செய்தோம். நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் போட்ட முதல் கணக்கு இது: போன வருடம் செப்டம்பர், அக்டோபர் விற்பனை 10 லட்சம், இப்போது 4, குறைவு 6 லட்சம். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கில் கிராஸ் பிராஃபிட் 30 சதவீதம். ஆக 1.80 லட்சம். கிளை அலுவலகத்தில் கேட்டால், “ஆடிட் ஆன நம்பர் சார், நாங்க என்ன செய்ய முடியும்?” என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

ஆடிட்டர் சாரிடம் பாலிசியைக் காட்டினேன். படித்துவிட்டு, “தம்பி, இவங்க கேக்குற கிராஸ் பிராஃபிட் வேற, நான் போட்டது வேற” என்றார். எங்கள் விற்பனை ஜிஎஸ்டி போக வருடத்துக்கு 60 லட்சம். அவர் அதில் உளுந்து, அரிசி, எண்ணெய், சர்க்கரை என்று சரக்கு 27, பேக்கிங் 3, கேஸ் 3, கூலி 9 லட்சம் கழித்து 18 லட்சம் காட்டியிருந்தார். பாலிசியிலோ கழிக்க வேண்டியவை என்று சரக்கு, பேக்கிங், எரிபொருள் மூன்றுதான் இருந்தன. கூலி அந்தப் பட்டியலில் இல்லை. கூடம் எரிந்தாலும் மாஸ்டருக்கும் முறுக்கு சுற்றும் பெண்களுக்கும் சம்பளம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அப்படிப் பார்த்தால் 27 லட்சம், அதாவது 45 சதவீதம். ஆடிட்டர் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வித்தியாசம் கூலி மட்டுமே என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சர்வேயர் அதை வாங்கிக்கொண்டார். பாலிசியில் கழிவுப் பட்டியல் எந்தப் பக்கம் என்று முதலில் தேடுங்கள். சிலருடையதில் கூலியும் கழிவில் இருக்கும்.

அடுத்த சண்டை தீபாவளி. 2023-இல் அது நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. ஆகவே போன வருடம் அதே இரண்டு மாதத்தைப் பார்த்தால் பாதி சீசன் வெளியே போய்விடும். சும்மா சொன்னால் எடுபடாது. 2022-இல் தீபாவளி அக்டோபர் 24. அந்த வருடம் ஜிஎஸ்டிக்குக் கொடுத்த விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் இதே இரண்டு மாதம் 14 லட்சம் இருந்தது. கூடவே ஆச்சியின் ஆர்டர் நோட்டு. ஓரம் கருகி, எண்ணெய் ஊறிய தாள்களில், மாவுருண்டை, மணகோலம், சீப்புச்சீடை, எத்தனை கிலோ, எந்த ஊர், எவ்வளவு அட்வான்ஸ் என்று எல்லாம் இருந்தது. சர்வேயர் அதில் நாலைந்து நம்பருக்கு அங்கேயே போன் போட்டுப் பார்த்தார். தீ நடக்காவிட்டால் என்ன விற்றிருக்கும் என்பதற்கேற்பத் திருத்தலாம் என்று பாலிசியிலேயே வரி இருக்கிறது. 14 லட்சத்தை ஒப்புக்கொண்டார்.

குறைவு 10 லட்சம், அதில் 45 சதவீதம் 4.50 லட்சம். தேவகோட்டை வாடகையும் வண்டிச் செலவும் 80 ஆயிரம். அந்தச் செலவால் காப்பாற்றிய 4 லட்சம் விற்பனையின் 45 சதவீதத்தைத் தாண்டாததால் அது முழுசாகச் சேர்ந்தது. கூடம் மூடியிருந்ததால் மிச்சமான கரண்ட் பில் 20 ஆயிரம் போக 5.10 லட்சம்.

சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைதான். பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் ஆடிட்டரின் 18 லட்சத்தோடு கால் பங்கு கூட்டி 22.5 லட்சத்துக்குப் போட்டிருந்தார். தீக்கு முந்தைய பன்னிரண்டு மாத விற்பனையும் 60 லட்சம்தான், 45 சதவீதம் என்றால் 27 லட்சத்துக்குப் போட்டிருக்க வேண்டும். ஆறில் ஐந்து பங்குதான் இன்சூர் ஆகியிருக்கிறது என்று அதே விகிதத்தில் வெட்டி 4.25 லட்சம் ஆக்கினார்கள். நாங்கள் வாதாடி ஏற்றிய சதவீதமே எங்களை வெட்டியது! பெரிதும் காப்பாற்றியது தீபாவளித் திருத்தம்தான். அதிலும் முதல் ஏழு நாள் இழப்பு எங்கள் பாலிசியில் கிடையாது, அது தனியாகப் போனது.

புதுப்பிக்கும்போது ஏஜென்ட் அண்ணனிடம் பாலிசி பக்கத்தையும் ஆடிட்டர் தாளையும் ஒன்றாகக் கொடுத்து 30 லட்சத்துக்குப் போடச் சொன்னேன். “பிரீமியம் கூடுமே தம்பி” என்றார். கூடட்டும் என்றேன்.