மூன்றில் இரண்டு

எங்கள் கேஸ் ஸ்டேஷன் இராமநாதபுரம் கடலோரத்தில் இருக்கிறது. கம்ப்ரசர் ஷெட்டுக்குக் கூரை மட்டும்தான், சுவர் கிடையாது. கூரைக்குக் கீழே, மேற்கில் ஒன்று, நடுவில் ஒன்று, கிழக்கில் ஒன்று என மூன்று இன்ஃப்ராரெட் டிடெக்டர்கள்.

மீத்தேன் காற்றில் சுமார் 5 சதவீதம் கலந்தால் தீப்பிடிக்கும். அந்த அளவை 100 என்று வைத்துத்தான் டிடெக்டர் காட்டும். ஏதாவது ஒன்று 20ஐத் தொட்டால் கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கும். மூன்றில் இரண்டு 60ஐத் தாண்டினால் கம்ப்ரசர் நிற்கும், இருபக்க வால்வுகளும் மூடும், உள்ளே இருக்கும் கேஸ் வெளியேற்றப்படும். ஒரு டிடெக்டரின் பொய்க்காக ஆலை நிற்கக்கூடாது என்பதற்குத்தான் இந்த இரண்டு ஓட்டு.

கச்சான் காற்று வீசும் மாதம் ஒன்றில் கம்ப்ரசர் பேக்கிங் வழியாகக் கேஸ் கசிந்தது. கிழக்கு டிடெக்டர் 72 காட்டியது, நடுவில் இருந்தது 14. மேற்கில் இருந்ததன் லென்ஸில் உப்பு படிந்து, சிக்னல் 2 மில்லிஆம்பியருக்கு இறங்கி ஃபால்ட்டில் கிடந்தது. ஆலை நிற்கவில்லை. "ஒண்ணுதானே சார் காட்டுது, பொய்யா இருக்கும்" என்றார் ஆப்பரேட்டர். ஷிப்ட் இன்சார்ஜ் காத்திருக்காமல் எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டார்.

மறுநாள் எல்லோரும் ஃபால்ட் டிடெக்டரைத்தான் திட்டினார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. எங்கள் லாஜிக் ஃபால்ட்டை ஓட்டாக எண்ணாமல் ஒதுக்கிவிடும்; அப்புறம் மிச்சமிருக்கும் இரண்டுமே 60ஐத் தாண்டினால்தான் ஆலை நிற்கும். ஃபால்ட்டையும் ஓட்டாக எண்ணியிருந்தால் அந்த 72 ஒன்றே போதும்.

ஆனால் மேற்கு டிடெக்டர் நல்ல நிலையில் இருந்திருந்தால்? அப்போதும் பூஜ்யம்தான் காட்டியிருக்கும். கச்சான் மேற்கிலிருந்து கேஸைக் கிழக்கே தள்ளுகிறது. காற்று வரும் பக்கத்தில் நிற்கிற டிடெக்டருக்கு ஓட்டுரிமை பெயரளவில்தான். வாடைக் காலத்தில் அதே நிலை மறுபக்கம் இருப்பதற்கு வரும். என்னைக் கேட்டால், சுவரில்லாத ஷெட்டில் மூன்றை வரிசையாக மாட்டி இரண்டு ஓட்டு கேட்பது காகிதத்தில்தான் அழகு.

மேற்கிலும் கிழக்கிலும் பழைய டிடெக்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று மாட்டினோம். இப்போது ஐந்தில் எந்த இரண்டு 60ஐத் தாண்டினாலும் ஷட்டவுன். ஒன்று ஃபால்ட் ஆனால் அது ஒரு ஓட்டாக எண்ணப்படும். இரண்டாவது ஃபால்ட்டையும் ஓட்டாக எண்ணலாமா என்பதில் சண்டையே நடந்தது. எண்ணினால் உப்புக் காற்று மட்டுமே ஆலையை நிறுத்திவிடும் என்று ஆப்பரேஷன்ஸ் சொன்னதைத்தான் ஏற்றோம்: இரண்டாவதுக்கு அலாரம் மட்டும். அதைச் சரிசெய்யும்வரை கையடக்க மீட்டரோடு ஒருவர் ஷெட்டருகே நிற்க வேண்டும். கச்சான் மாதங்களில் லென்ஸ் துடைக்கும் இடைவெளியையும் குறைத்தோம்.