ஏழு வயதில் பைஃபோக்கல்

சேலத்தில் குழந்தைகளின் கண் பரிசோதனைப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை செய்கிறேன். டௌன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைக் கூட்டிவரும் தாய்மார்கள் பெரும்பாலும் ஒரே புகாரைச் சொல்வார்கள்: "கண்ணாடி போட்டும் எழுத உட்கார மாட்டேன் என்கிறாள்." பள்ளியில் இதற்குப் பெயர் கவனக்குறைவு, வீட்டில் பிடிவாதம். இரண்டையும் நம்புவதற்கு முன்னால் அந்தக் குழந்தையின் கண் கிட்டத்தில் எவ்வளவு குவிகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். பல இடங்களில் அதை அளப்பதே இல்லை.

ஏற்காடு நாகலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமியை எடுத்துக்கொள்கிறேன். அம்மா காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். குழந்தைக்கு ஏழு வயது. இரண்டு கண்ணிலும் பிளஸ் நாலரை பவரும் சிதறல் பார்வைக்காகக் கொஞ்சம் உருளைப் பவரும் உள்ள கண்ணாடி ஏற்கெனவே இருந்தது. அந்தப் பவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மீட்டர் தூரத்தில் வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் ஆகிய படங்களைக் காட்டிக் கையிலிருக்கும் அட்டையில் அதே படத்தைத் தொடச் சொன்னால் சிறிய வரிகள் வரை தொட்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலில் கண்ணாடியோடுதான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாளாம். நோட்டை எடுத்தால் மட்டும் எழுந்து ஓடுகிறாள், இல்லையென்றால் மூக்கு தாளில் உரசும்படி குனிகிறாள் என்றார் அம்மா.

கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பருத்துக் குவியத்தை அருகே கொண்டுவருகிறது. பள்ளிப் பாடத்தில் விழி ஏற்பமைவு என்று படித்திருப்போம். நாற்பது வயதுக்கு மேல் லென்ஸ் இறுகி இந்தத் திறன் குறைவதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். டௌன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு இது சிறு வயதிலேயே போதாமல் இருக்கிறது. அவர்களின் லென்ஸ் இறுகியிருப்பதில்லை, ஆனாலும் கண் வேண்டிய அளவுக்குக் குவிவதில்லை. தூரப் பார்வைக்குச் சரியான பிளஸ் கண்ணாடி கொடுத்துவிட்டால் கிட்டப் பார்வை தானாகத் தெளிந்துவிடும் என்பது மற்றக் குழந்தைகளிடம் சரிவரும் கணக்கு, இவர்களிடம் பெரும்பாலும் பொய்த்துப்போகும்.

இதை அளக்க, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப் ஒன்றே போதும். கண்ணாடியைப் போட்டபடியே இருக்க, இருபத்தைந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு பூனைப் படத்தைப் பிடித்து, "மீசை எத்தனை?" என்று கேட்பேன். அவள் மீசையை எண்ணிக்கொண்டிருக்கும்போது படத்துக்குப் பக்கத்திலிருந்து கருவியின் ஒளியைக் கண்ணின் பாப்பாவுக்குள் அசைத்துப் பார்ப்பேன். கண் சரியாகக் குவிந்திருந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் ஒளியின் அசைவு நின்றுவிடும். நிற்காவிட்டால், படத்தை அங்கேயே விட்டுவிட்டு, அசைவு நிற்கும் வரை நான் மட்டும் பின்னால் நகர்வேன். சாதாரணக் குழந்தையிடம் முப்பது சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். இவளிடம் ஐம்பதில்தான் நின்றது. அதாவது, குவிக்கும் திறனின் அலகான டயாப்டரில் சொன்னால், நான்கு தேவைப்படும் இடத்தில் அவள் கண் இரண்டுதான் கொடுத்தது. படம் இருந்த இடம் அவளுக்கு எப்போதும் மங்கல். மூக்கு உரசக் குனிந்ததும் தெளிவுக்காக அல்ல, எழுத்து பெரிதாகத் தெரியும் என்பதற்காகத்தான்.

முன்பு பரிசோதித்த இடத்தில் இது ஏன் தப்பிப்போயிற்று? பதிவுச் சீட்டு வாங்கியதும் சொட்டு மருந்து போட்டுவிட்டார்கள். பவர் எடுக்க அந்த மருந்து அவசியம், அதில் தவறில்லை. ஆனால் கண் குவிவதைத் தற்காலிகமாக நிறுத்துவதுதான் அதன் வேலையே. மருந்து ஏறிய பிறகு யாருடைய கண்ணிலும் கிட்டக் குவிப்பை அளக்க முடியாது. மலையிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்ப வேண்டியவர்களுக்கு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொடுக்க நினைத்து மருந்தை முதலில் போடுவார்கள். நல்லெண்ணம்தான், இருந்தாலும் வரிசை தலைகீழ். எங்கள் பிரிவில் இந்தக் குழந்தைகளின் சீட்டில் 'கிட்டம் பார்த்த பின் சொட்டு' என்று எழுதி வைத்துவிடுகிறோம்.

பைஃபோக்கல் எழுதினோம். மேலே பழைய பவர், கீழே இரண்டரை கூடுதல். "பாட்டி கண்ணாடியா சார்?" என்றார் அம்மா. முகத்தில் அவ்வளவு வருத்தம். கீழ்ப்பாகத்துக்கு ஈடாக ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு அதே பூனைப் படத்தைக் கொடுத்தேன். குழந்தை மீசையை விட்டுவிட்டு, மூலையிலிருந்த குட்டி எறும்பைத் தொட்டுக் காட்டினாள். அதன் பிறகு அம்மா பாட்டியைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு அதிகம் தலைவலி கொடுப்பது கண்ணாடிக் கடைதான். பெரியவர்களுக்குப் பைஃபோக்கல் கோட்டைக் கீழ் இமை மட்டத்தில் வைப்பது வழக்கம். குழந்தைக்கு அப்படி வைத்தால் கோட்டுக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருக்கும், கூடுதல் பவர் வீண். கோடு கண்ணின் பாப்பாவுக்கு நடுவில் ஓட வேண்டும். சீட்டில் வார்த்தையாக எழுதினால் கை பழக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். அதனால் ஃபிரேமைப் போட்டுவிட்டு, வெற்று லென்ஸின் மேல் பேனாவால் நானே கோடு கிழித்து அனுப்புகிறேன். இந்தக் குழந்தைகளுக்கு மூக்கின் பாலம் தட்டையாக இருக்கும், காதும் சிறிது. சாதாரண ஃபிரேம் வழுக்கிக் கன்னத்தில் உட்காரும், கோடும் கூடவே இறங்கும். பாலம் தாழ்ந்த ஃபிரேம், குட்டையான கை, காதுக்குப் பின்னால் சிலிக்கான் கொக்கி அல்லது தலையைச் சுற்றி ஒரு பட்டை, இவ்வளவும் சேர்ந்தால்தான் நான் எழுதிய பவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

கண்ணாடி சரியாக அமைந்த பிறகும் இவர்களின் பார்வைக் கூர்மை மற்றக் குழந்தைகளைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நான்கு கோடு நோட்டில் வெளிர் நீலக் கோடும் பென்சில் எழுத்தும் அவர்களுக்கு ஒன்றோடொன்று கரைந்துவிடும். ஆசிரியைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: கோட்டைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழுத்திப் போடுங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

மூளை முடக்குவாதக் குழந்தைகளிடமும் இந்தக் கிட்டக் குவிப்புக் குறை அடிக்கடி தென்படுகிறது. ஆனால் இதே கண்ணாடியை அப்படியே எழுதிக் கொடுத்துவிட முடியாது. பைஃபோக்கலைப் பயன்படுத்த, தலையை நிறுத்திக் கண்ணைக் கீழே இறக்கத் தெரிய வேண்டும். கழுத்து நிற்காமல் சாய்வு நாற்காலியில் இருக்கும் குழந்தைக்குப் புத்தகம் முகத்துக்கு நேராக வரும், கீழ்ப்பாகம் பயன்படாமல் கிடக்கும். அவர்களுக்குப் படிக்கத் தனிக் கண்ணாடிதான் தோது. மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். தசை முறுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையே கிட்டப் பார்வையை மங்கலாக்கும். அதை நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது, எழுதிய மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பொதுவாகக் குழந்தை வளர வளரப் பிறவிப் பவர் கரையும். டௌன் சிண்ட்ரோமில் அப்படிக் கரையாமல் நிற்பதும் கூடுவதும் உண்டு. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறேன். பதின்ம வயதை நெருங்கியதும் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருக்கிறதா என்று விசாரிப்பேன். உருளைப் பவர் வேகமாக ஏறி, ரெட்டினோஸ்கோப் ஒளி கத்தரிக்கோல் வாய்போலத் திறந்து மூடினால், கருவிழி கூம்பாகிறதோ என்று மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

இந்தச் சிறுமியிடம் ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பது கண்ணாடியின் மேல்பாகத்தின் வழியே கண் கிட்டத்தில் எவ்வளவு குவிகிறது என்பதைத்தான். பைஃபோக்கல் போட்ட குழந்தைகளில் சிலருக்குக் காலப்போக்கில் கண் தானாகவே குவியத் தொடங்கி, பிறகு சாதாரணக் கண்ணாடியே போதும் என்றாகிவிடுவதைக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கடைசியாக வந்தபோது மேல்பாகத்தின் வழியே அசைவு முப்பத்தெட்டு சென்டிமீட்டரில் நின்றது. ஐம்பதிலிருந்து இறங்கியிருக்கிறது, ஆனால் பைஃபோக்கலை விடுவதற்கு இது போதாது. கீறல் விழுந்த லென்ஸை மட்டும் மாற்றி, அதே பவரை எழுதிக் கொடுத்தேன்.